பாராட்டு மடலை அச்சுக்குக் கொடுக்குமுன்

"தமிழய்யா, எல்லாம் முடிஞ்சிடுச்சு. ஒற்றுப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க." பணி நிறைவு விழாவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது யாராவது ஒரு இளம் ஆசிரியர் இப்படிச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார். கையில் பாராட்டு மடலின் கடைசிப் படி இருக்கும். டிடிபி கடையில் சொல்லியாயிற்று, பிரேமுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. நானும் பேனாவை எடுப்பேன்.

ஒற்றுப்பிழைக்காக மேடையில் கூசிப்போனவரை நான் பார்த்ததில்லை. கூசவைக்கும் வரிகள் இலக்கணம் சுத்தமாக, எதுகை மோனையோடு அழகாகத்தான் இருக்கும். அவற்றைப் பிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவையாக இந்த வேலை உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள்.

உதாரணத்துக்கு நான் பார்த்த ஒரு மடலையே எடுத்துக்கொள்கிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. தலைமையாசிரியையும் அலுவலக உதவியாளர் ஒருவரும் ஒரே ஆண்டில் ஓய்வு பெறுகிறார்கள். இருவருக்கும் ஒரே மேடை, ஆளுக்கொரு மடல். தலைமையாசிரியையின் மடலிலிருந்து சில வரிகள்:

கல்விக் கடலே! கருணையின் வடிவே!
இருளில் கிடந்த இப்பள்ளிக்கு ஒளி தந்த விளக்கே!
மூன்று முறை நூறு சதவீதத் தேர்ச்சி தந்த சாதனைத் தாயே!
மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வந்த மாணவியை
விதியையும் மீறிச் சேர்த்துக்கொண்ட வீரமே!
தனக்கென்று ஒரு மழலை இல்லாக் குறையை
எங்களால் தீர்த்துக்கொண்ட எங்கள் அன்னையே!
சட்டமன்ற உறுப்பினரின் பொற்கரங்களால்
கழிப்பறை பெற்றுத் தந்த கற்பகமே!

சத்தமாகப் படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. எழுதிய கணக்கு ஆசிரியர் இரண்டு இரவு கண்விழித்திருந்தார். ஆனால் முதல் வரி நீங்கலாக ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு முள் இருந்தது.

யார் யார் உட்கார்ந்திருப்பார்கள்

வரிகளைத் தொடுமுன் ஒரு வெள்ளைத் தாளில் மேடையையும் முன்வரிசையையும் வரைந்துகொள்ளுங்கள். மாவட்டக் கல்வி அலுவலர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, ஓய்வு பெறுபவரின் குடும்பம், இதற்கு முன் அங்கே தலைமையாசிரியராக இருந்தவர், அடுத்து பொறுப்பேற்கப்போகிறவர், சத்துணவு அமைப்பாளர், முன்னாள் மாணவர்கள் என்று எல்லோரையும் எழுதுங்கள். மடலைத் தாளில் படிக்கும்போது அது இருவருக்கு இடையிலான பேச்சு மாதிரித் தெரியும். மேடையில் அதை மைக்கில் படிப்பார்கள், நூறு இருநூறு பேர் கேட்பார்கள். அப்புறம் அது பல வருடம் வரவேற்பறைச் சுவரில் தொங்கும்.

இந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டதுமே இரண்டாவது வரி உறுத்தியது. 'இருளில் கிடந்த பள்ளி' என்றால் அதை இருளில் வைத்திருந்தது யார்? முந்தைய தலைமையாசிரியர் முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்காரப்போகிறவர். அங்கேயே அவர் காலத்திலிருந்து வேலை பார்க்கும் ஆசிரியர்கள் எட்டுப் பேர். ஒருவரை உயர்த்த இன்னொருவரைத் தாழ்த்தும் வரி வெளிச்சம், விடிவு, மறுமலர்ச்சி மாதிரியான சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். 'உங்களுக்குப் பின் இப்பள்ளியை யார் காப்பார்' என்பதும் அதே சாதிதான். அடுத்து பொறுப்பேற்கிறவர் பக்கத்து நாற்காலியில் புன்னகைத்துக்கொண்டு அதைக் கேட்டுத் தீரவேண்டும்.

பெயரை மூடிவிட்டுப் படியுங்கள்

அடுத்ததாக, ஓய்வு பெறுபவரின் பெயரைக் கட்டை விரலால் மறைத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்த வேறொரு தலைமையாசிரியரை மனதில் வைத்துப் படியுங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தும் வரிகளின் ஓரத்தில் ஒரு சுழி போடுங்கள். 'கல்விக் கடல்', 'கருணையின் வடிவம்' எல்லாம் சுழி வாங்கும். உடனே அடித்துவிட வேண்டாம். மடல் என்ற வடிவத்துக்குக் கொஞ்சம் அலங்காரம் வேண்டும். குடும்பத்தாரும் அதை எதிர்பார்ப்பார்கள். ஒரு பத்திக்கு ஒரு விளி இருந்தால் கேட்க இதமாகத்தான் இருக்கும். மடலில் பாதிக்கு மேல் சுழியாக இருந்தால்தான் சிக்கல்: எழுதியவருக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த வெறுமையை மறைக்கத்தான் முகஸ்துதி வந்து உட்காருகிறது.

சுழி போட்டு முடித்ததும் வேறு நிற மையில் 'ஒரே', 'முதல்', 'எப்போதும்', 'யாரும்', 'நூறு சதவீதம்' போன்ற சொற்களின் கீழ் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கேள்வி: எப்போது, எந்தப் பதிவேட்டில் இருக்கிறது?

'மூன்று முறை நூறு சதவீதத் தேர்ச்சி' என்பதை அலுவலகத்தில் போய்ப் பார்த்தோம். உண்மைதான், மூன்று ஆண்டு நூறு சதவீதம். ஆனால் அதில் இரண்டு ஆண்டு 2020, 2021. கொரோனாவால் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை, எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்த ஆண்டுகள் அவை. அந்த இரண்டு வருடமும் மாநிலம் முழுக்க எந்தப் பள்ளியைக் கேட்டாலும் நூறு சதவீதம்தான். சபையில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். அந்த வரியைப் படித்திருந்தால் பின்வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு எழுந்திருக்கும், அது அந்த அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும். எண்ணில் தப்பில்லை, ஆனால் அதைச் சொன்னால் ஏளனமாகிவிடும். இலக்கண வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தோமே, அதை நாம் எண்ணாமலேயே செய்திருப்போம்.

தேர்ச்சி விகிதத்தில் இன்னொரு கோணலும் உண்டு. நூறு சதவீதத்தைத் தலைமையாசிரியர் ஒருவரே 'தந்தார்' என்றால், சனிக்கிழமை சிறப்பு வகுப்பு எடுத்த அறிவியல் ஆசிரியை எங்கே போனார்? அவரும்தான் கீழே உட்கார்ந்திருப்பார்.

அந்த வரியை எடுத்துவிட்டு அங்கே என்ன வைப்பது? இதற்குக் கணக்கு ஆசிரியரையே கேட்டேன். "அவங்க செஞ்சதிலே உனக்கு ஞாபகம் இருக்கற ஒண்ணைச் சொல்லு தம்பி." கொஞ்சம் யோசித்துவிட்டு பேருந்துக் கதையைச் சொன்னார். பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாலைப் பேருந்து நாலே காலுக்கே போய்விடுமாம். அதனால் கடைசிப் பாடவேளையில் பாதியிலேயே எழுந்து ஓடுவார்களாம். இந்த அம்மா போக்குவரத்துக் கழகக் கிளை அலுவலகத்துக்கு மூன்று தடவை மனுவோடு போய், அந்தப் பேருந்தை நாலே முக்காலுக்கு மாற்ற வைத்திருக்கிறார். இந்தச் செய்தி மடலில் இல்லவே இல்லை! நூறு சதவீதம் இருந்த இடத்தில் இது போனது: 'கடைசிப் பாடவேளை எங்களுக்கு முழுதாகக் கிடைத்தது, நாலே முக்கால் பேருந்து உங்களால் வந்ததால்.' படித்தபோது அந்தக் கிராமத்துப் பெற்றோர்தான் முதலில் கைதட்டினார்கள்.

யார் முகம் மலரும்?

மறைந்திருக்கும் முகஸ்துதி என்றால் ஓய்வு பெறுபவரை மிகையாகப் புகழ்வது என்று பலர் நினைக்கிறார்கள். அது மறைந்தே இருப்பதில்லை, எல்லோருக்கும் தெரிகிற முகஸ்துதி அது. உண்மையில் மறைந்திருப்பது, இவர் பெயரில் வேறொருவருக்குப் போகும் புகழ்ச்சி. கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இந்த வரியைக் கேட்டதும் மேடையில் யாருடைய முகம் மலரும்?

கழிப்பறை வரியைக் கேட்டால் முகம் மலரப்போவது சட்டமன்ற உறுப்பினருக்கு. 'பொற்கரங்கள்' அவருடையவை. இந்த அம்மா வெறுமனே பெற்றுக்கொண்டவர். நன்றி சொல்ல வேண்டும் என்றால் நன்றியுரையில் சொல்லலாம், அதற்குத்தான் நன்றியுரை இருக்கிறது. மடலில் அவர் செய்த பங்கை மட்டும் வைத்தோம். பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் வராமல் போவதை வருகைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் காட்டி, கழிப்பறை கேட்டு விண்ணப்பம் எழுதியவர் அவர்தான்.

முன்னாள் மாணவர்கள் எழுதும் மடலில் இந்த நோய் வேறு உருவத்தில் வரும். 'மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் உலகெங்கும் ஒளிவீசும் உங்கள் பிள்ளைகள் நாங்கள்' என்று ஆரம்பிப்பார்கள். அந்த வகுப்பில் படித்து ஊரிலேயே மளிகைக்கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லாம் சந்தா கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்கள். 'நாங்கள்' வரும் வரிகளை எண்ணிப் பாருங்கள். 'நீங்கள்' வரும் வரிகளைவிட அவை அதிகமாக இருந்தால், மடல் எழுதியவர்கள் தங்களுக்கே ஒரு மடல் வாசித்துக்கொள்கிறார்கள்.

வீரம் என்று எழுதி வம்பில் மாட்டிவிடுவது

இந்தப் பகுதியில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஓய்வு பெறும் ஆசிரியரின் ஓய்வூதியக் கோப்பு அந்தச் சமயத்தில் ஏதோ ஒரு மேசையில் நகர்ந்துகொண்டிருக்கும். மேலதிகாரி மேடையிலேயே இருப்பார். அந்த நேரத்தில் 'விதியையும் மீறிச் சேர்த்துக்கொண்ட வீரமே' என்று மைக்கில் படிப்பது, பாராட்டு மாதிரி இருக்கும் ஒரு புகார் மனு.

இதில் வேடிக்கை, அவர் விதியை மீறவே இல்லை. அந்தச் சிறுமி சேர்ந்தது ஏழாம் வகுப்பில். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று சொல்கிறது. எட்டாம் வகுப்பு வரை அது பொருந்தும். சட்டப்படி செய்த ஒரு நல்ல காரியத்தை நாமே குற்றமாக்கி ஒப்படைக்க இருந்தோம். 'சான்றிதழ் வரும்வரை காத்திருக்கச் சொல்லாமல் அன்றைக்கே வகுப்பில் உட்கார வைத்தீர்கள்' என்று மாற்றினோம். சொல்லப்போனால் அதில்தான் அழுத்தம் அதிகம்.

இதே சட்டத்தால் சிக்கலாகக்கூடிய இன்னும் இரண்டு பழக்கமான வரிகள் உண்டு. ஒன்று, 'உங்கள் பிரம்படிதான் எங்களை மனிதர்களாக்கியது.' முன்னாள் மாணவர்கள் பாசத்தோடுதான் எழுதுவார்கள். ஆனால் உடல்ரீதியான தண்டனையை அந்தச் சட்டம் தடைசெய்திருக்கிறது. கல்வி அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பாசம் அவருக்கு வேண்டாம். இன்னொன்று, 'மாலையில் வீட்டிலும் டியூஷன் எடுத்த தியாகமே.' அவர் காசு வாங்காமல் படிக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார். ஆனால் ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது, அந்த ஒரு சொல்லுக்காக அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். 'சொந்தப் பணத்தில் பள்ளிக்குச் செலவு செய்தார்' என்பதையும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விடாதீர்கள். சிலர் வீட்டுக்கே தெரியாமல் செய்திருப்பார்கள்.

எங்கே தெரிந்துகொண்டீர்கள்?

'மழலை இல்லாக் குறை' வரிக்கு வருவோம். எழுதியவருக்கு அது உருக்கமான வரி. நான் அதை அடிக்கச் சொன்னபோது, "அய்யா, ஊருக்கே தெரிஞ்சதுதானே?" என்றார். தெரிந்ததுதான். ஆனால் ஊருக்குத் தெரிந்ததை மைக்கில் சொல்வது வேறு விஷயம். அந்த வரியை அவர் கணவர் கேட்பார், மாமியார் வீட்டார் கேட்பார்கள், எத்தனையோ வருடம் கல்யாண வீடுகளில் கேட்ட அதே பேச்சை இன்று பொன்னாடையோடு சேர்த்துக் கேட்பார். அது போதாதென்று 'குறை' என்ற சொல் வேறு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடம் முன்பு வேறொரு பள்ளியில் ஒரு மடல். 'கணவரை இழந்தும் கலங்காத கற்பாறையே' என்ற வரியைப் படித்து, 'கற்பாறை'யில் ஒற்று சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். மேடையில் அந்த வரி வந்ததும் அந்த ஆசிரியை குனிந்து பொன்னாடையின் சரிகை ஓரத்தை மடிக்க ஆரம்பித்தார். மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். மடல் முடியும்வரை நிமிரவில்லை. கீழே அவர் மகள் எழுந்து வெளியே போனாள். அந்த மடல் அவர் வீட்டுச் சுவரில் ஏறவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் கேள்வி இதுதான்: இந்தச் செய்தி எழுதியவருக்கு எங்கே தெரிந்தது? பிரார்த்தனைக் கூட்டத்தில், வகுப்பில், பலர் முன்னால் தெரிந்தது என்றால் மடலில் வரலாம். மதிய உணவு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் தெரிந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனதால் தெரிந்தது, அழுதபோது சொன்னது என்றால் வரக் கூடாது. நோய், கடன், குழந்தை, மணமுறிவு, சாதி, பிள்ளையின் வேலை என எதற்கும் இதே கேள்விதான். உதவி பெற்ற மாணவரின் பெயருக்கும் இதே கதைதான். 'செருப்பில்லாமல் வந்த இன்னாருக்குச் செருப்பு வாங்கித் தந்தவரே' என்றால் இன்னாருக்கு இப்போது முப்பது வயதாகிக் குடும்பத்தோடு வந்திருப்பார்.

சந்தேகமாக இருந்தால் நேரில் கேட்டுவிடுங்கள். மடலை முன்கூட்டிக் காட்டினால் ஆச்சரியம் போய்விடும் என்று பயப்பட வேண்டாம், அந்த விஷயத்தை மட்டும் கேட்கலாம். "டீச்சர், போன வருஷம் ஆபரேஷன் முடிஞ்ச பத்தாவது நாளே நீங்க பரீட்சை வேலைக்கு வந்ததை மேடையில் சொல்லலாமா?" என்று கேட்டால் போதும். 'ஐயோ, அதெல்லாம் எதுக்கு' என்ற பதிலை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடாதீர்கள். அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம்.

இரண்டாவது மடல்

ஒரே மேடையில் இரண்டு மடல் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் பார்த்த அன்று தலைமையாசிரியைக்கு முப்பத்திரண்டு வரி, அலுவலக உதவியாளருக்கு எட்டு. வரிக் கணக்கைச் சரிசெய்வது சுலபம். அதைவிட முக்கியம் வினைச்சொற்கள். அந்த அம்மாவின் மடலில் 'தந்தீர்கள்', 'மாற்றினீர்கள்', 'கட்டினீர்கள்' என்று வருகிறது. உதவியாளருடைய மடல் இப்படி இருந்தது: 'எளிமையின் சிகரமே! பணிவின் இலக்கணமே! சொன்னதைத் தட்டாமல் செய்தவரே! அன்னையின் நிழலாக நின்றவரே!'

முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர் செய்ததாக ஒரு வினைகூட இல்லை. சொன்னதைச் செய்தார், நிழலாக நின்றார், அவ்வளவுதான். அவர் ஏழு தலைமையாசிரியர்களைப் பார்த்தவர், இந்த அம்மாவுக்கு நிழலாக இருந்தது கடைசி ஆறு வருடம்தான். 'பணிவு' என்பது கீழ்நிலையில் இருப்பவருக்கு மட்டும் நாம் கொடுக்கும் பட்டம். கல்வி அலுவலரின் பணிவைப் புகழ்ந்து யாரும் மடல் எழுதி நான் பார்த்ததில்லை.

அவரைப் பற்றி இளநிலை உதவியாளரிடம் விசாரித்தோம். பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எந்த ஆண்டுக்குரியது எந்த அலமாரியில் என்பது அவருக்கு மனப்பாடம். பிறந்த தேதிச் சான்றுக்காக வருடக்கணக்கில் அலையும் பழைய மாணவர்கள் வந்தால், படித்த வருடத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சரியான கட்டோடு திரும்பி வருவார். ஒரு மழையில் கூரை ஒழுகியபோது அந்தக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் காயவைத்ததும் அவர்தான். மடல் பதினெட்டு வரியானது. 'பணிவு' போனது, 'இந்தப் பள்ளியில் படித்ததற்கு எங்களுக்குச் சான்று நீங்கள் காத்த பதிவேடு' என்ற வரி வந்தது. முப்பத்திரண்டும் பதினெட்டும் சமமில்லைதான். அதை இழுத்துச் சமமாக்க வேண்டாம், இட்டு நிரப்பினால் மறுபடி சுழிதான் வரும். பெரியதை இருபத்திரண்டாகக் குறைத்தோம்.

ஒரே ஆளின் மடலுக்குள்ளும் இந்த ஏற்றத்தாழ்வு வரும். கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கு இருபது வரி, முதல் இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு வரி. கடைசிப் பள்ளிக்காரர்கள்தான் எழுதுகிறார்கள் என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. பழைய பள்ளியில் கூட வேலை பார்த்த ஒருவருக்குப் போன் போட்டு ஒரு சம்பவம் வாங்கிவிட்டால் இரண்டு வரி சேர்ந்துவிடும்.

கடைசி வாசிப்பும் கடையும்

இப்போது எழுந்து நின்று, மேடையில் படிக்கிற வேகத்தில் சத்தமாகப் படியுங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் சுழி போட்ட வரிகளிலிருந்து குறைக்கலாம். எந்த வரியில் உங்கள் குரல் தானாகத் தணிகிறதோ அதில் இன்னும் ஏதோ இருக்கிறது, திரும்பப் பாருங்கள். 'நீங்கள்' என்று ஆரம்பித்து நடுவில் 'அவர்' என்று மாறுகிறதா என்பதும் காதுக்குத்தான் முதலில் தெரியும்.

எழுதியவரிடம் திருத்தத்தைக் கொடுக்கும்போது தனியாகக் கூப்பிட்டுக் கொடுங்கள், ஆசிரியர் அறையில் வைத்துக் கொடுக்காதீர்கள். அடித்த ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு பெயர் எழுதினால் போதும்: 'முந்தைய எச்.எம்.', 'அவங்க வீட்டுக்காரர்', 'டி.இ.ஓ.' என்று. யார் காதில் விழும்போது முள்ளாகும் என்று தெரிந்துவிட்டால் அவரே அடித்துவிடுவார். கணக்கு ஆசிரியர் 'மழலை' வரிக்கு மட்டும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே பேனாவை வாங்கி அடித்தார்.

டிடிபி கடையில் ஒரு ஆபத்து காத்திருக்கும். பழைய படியும் புதிய படியும் ஒரே பெயரில் அவர்களுடைய கணினியில் கிடக்கும், அவசரத்தில் பழையதை அச்சடித்துவிடுவார்கள். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு இருக்காமல் நேரில் போங்கள். பழைய கோப்பை உங்கள் கண்முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, அடித்த வரிகள் ஒவ்வொன்றும் போய்விட்டதா என்று பாருங்கள். முதலெழுத்து, பட்டங்கள், பணியில் சேர்ந்த தேதி மூன்றையும் பணிப்பதிவேட்டில் இருக்கிறபடி ஒப்பிடுங்கள். அதன்பிறகு கெட்டித் தாளில் அச்சடிக்கச் சொல்லலாம். ஆமாம், ஒற்றுப்பிழையையும் அப்போதே பார்த்துவிடலாம்.